மேல்மாடிக்கு ஒரு கடிதம்

"வாடகையை நிறுத்துங்க, தானா ஓடி வருவாங்க." வீடு ஒழுகுகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் கிடைக்கும் யோசனை இதுதான். சித்தப்பா சொன்னார், ஆபீஸில் சொன்னார்கள், சிலிண்டர் போட வரும் தம்பிகூடச் சொன்னான். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் இன்று நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவர் செய்யவே கூடாத காரியம் அதுதான்.

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-இல் புதிதாக ஒன்றை இயற்றினார்கள். 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லி ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குப் போவதற்கான காரணங்களில், வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாமல் இருப்பதும் ஒன்று. அதுவரை நாம் ஒழுகலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். வாடகையை நிறுத்திய மாதத்திலிருந்து அவர் பாக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். கூரை யார் பொறுப்பு என்ற கேள்வி எங்கேயோ பின்னால் போய்விடும்.

அதனால் நாங்கள் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் வாடகையை வங்கி மூலம் அனுப்பிக்கொண்டே இருந்தோம். பிறகு கடிதம் எழுதினோம். எழுதியது நான்தான். கோவையில் ஒரு பம்ப் உதிரிபாகப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன்; தொகை, தேதி, ரசீது என்று யோசிப்பது பழக்கம். அந்தக் கடிதத்தை எப்படிக் கட்டினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணபதிப் பக்கம் ஒரு தனி வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். ஹால், இரண்டு அறை, சமையலறை, வெளிப்பக்கம் ஒரு பாத்ரூம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 750 சதுர அடி. வாடகை 14,000. மேல்மாடியில் ஓனர் குடும்பம். நல்ல மனிதர். விசேஷம் என்றால் அழைப்பார், தோட்டத்தில் தேங்காய் இறங்கினால் நாலு காய் கீழே வரும். சிரமமே அங்கேதான். சண்டைக்காரரிடம் சுலபமாகக் கடிதம் கொடுத்துவிடலாம். "அம்மிணி, சாப்பாடு ஆச்சுங்களா?" என்று தினமும் கேட்கிறவரிடம் எப்படிக் கொடுப்பது?

ஆவணி மாதம் பின் அறையின் மேல்மூலையில் ஒரு கைக்குட்டை அளவுக்கு ஓதம் தெரிந்தது. சொன்னோம். "பாத்துக்கலாங்க" என்றார். பிளம்பர் வந்து மேல் பாத்ரூமில் டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளை சிமென்ட் பூசிவிட்டுப் போனார். சில நாள் அடங்கியது போல இருந்தது. ஐப்பசியில் கறை சமையலறைச் சுவருக்கும் வந்துவிட்டது. பின் அறையின் மேற்பூச்சு உப்புப் பூத்து, விரலால் தொட்டால் மாவாகக் கொட்டியது. ஒரு நாள் சாயங்காலம் ஃபேன் சுவிட்சைப் போட்டதும் டிரிப்பர் விழுந்தது. திரும்பத் தூக்கினால் திரும்ப விழுந்தது. எலக்ட்ரீஷியன் வந்து, கூரைக்குள் ஓடும் குழாயில் ஈரம் இறங்கியிருக்கிறது என்று சொல்லி, அந்த அறையின் மேல் வயரை மட்டும் துண்டித்து, சுவர் வழியாக வெளியே ஒரு தற்காலிக லைன் இழுத்துக் கொடுத்தார். 1,850 ரூபாய். கார்த்திகையில் பூச்சு ஒரு தாம்பாளம் அகலத்துக்குப் பெயர்ந்து கட்டில் மேல் விழுந்தது. நல்லவேளையாகப் பகல் நேரம். அன்றிலிருந்து அந்த அறையில் யாரும் படுப்பதில்லை. மகள் ஹாலில் படுத்துப் படிக்கிறாள்.

கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு காரியம் செய்தோம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தோம். இதைச் செய்யாமல் எழுதும் கடிதத்துக்குப் "பாத்துக்கலாங்க" என்ற அதே பதில்தான் வரும். மேல்மாடியிலிருந்து கீழே இறங்கும் தண்ணீருக்குப் பெரும்பாலும் மூன்று வழிதான். மொட்டை மாடியில் விழும் மழைத் தண்ணீர், தொட்டியிலிருந்து குழாய்க்கு வரும் அழுத்தத் தண்ணீர், குளித்த பிறகு வெளியேறும் கழிவுத் தண்ணீர். எங்கள் தலைக்கு மேல் ஒரு மாடி இருப்பதால் மழைக்கு அவ்வளவு வேலையில்லை. அது முதலில் ஓனர் வீட்டுக் கூரையில்தான் தெரிய வேண்டும். மீதி இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். குழாய் ஓட்டையென்றால் யாரும் பயன்படுத்தாத நேரத்திலும், நடுராத்திரியிலும் ஒரே மாதிரி சொட்டும். கழிவு வழி ஓட்டையென்றால் அவர்கள் குளிக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் தள்ளி அதிகமாகும். ஊருக்குப் போயிருந்தால் அடங்கும்.

ஒரு ராத்திரி தொட்டியின் கேட் வால்வை மூடி வைக்கச் சொன்னோம். மூடினார்கள். சொட்டு நிற்கவும் இல்லை, காலையில் அவர்கள் குளிக்கும்வரை கூடவும் இல்லை. அடுத்த கட்டமாக, பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கும் அந்த வடிகுழியை, பிளம்பர்கள் நஹானி டிராப் என்பார்கள், துணியைச் சுருட்டி அடைத்துவிட்டு, தரையில் ஒரு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, துணிக்குப் போடும் நீலத்தை அதில் கரைத்துவிட்டோம். அன்றைக்கு முழுக்க எங்கள் கூரையில் நீலம் தெரியவில்லை. துணியை எடுத்து அத்தனை தண்ணீரையும் ஒரேயடியாக இறக்கினார்கள். மறுநாள் மத்தியானம் சமையலறைக் கறையின் ஓரத்தில் இளநீலமாக ஒரு கோடு. தரை டைல்ஸ் இடுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, வடிகுழி கீழ்க்குழாயோடு சேரும் இடத்தில்தான் விரிசல். அப்படியென்றால் வெள்ளை சிமென்ட் பூசியதால் ஒரு பயனும் இருந்திருக்காது.

அப்புறமும் வேலை நகரவில்லை. "வர்ற வாரம் ஆள் வர்றானுங்க" என்பது பல வாரங்களாக அதே வர்ற வாரமாகவே இருந்தது. காரணம் காசு என்றுதான் நாங்கள் நினைத்தோம். மாடிப்படியில் துணி காயப்போடும்போது ஓனர் வீட்டு அக்கா போகிற போக்கில் சொன்னார்: "அத்தைக்கு அந்தப் பாத்ரூம விட்டா வேற இல்லீங்க. உக்காரற மாதிரி கக்கூஸ் அது ஒண்ணுதான். பத்து நாள் இடிச்சுப் போட்டா அவிய எங்க போவாங்க?" ஓனரின் அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, முட்டி மடக்க முடியாது. இதை அவர் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. கடிதத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கினேன். பணம் பற்றிய பத்தியைவிட அதுதான் வேலை செய்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

சட்டத்தில் பழுதுபார்ப்பைப் பற்றி வருவது 15-ஆம் பிரிவு. எது யார் தலையில் என்று பின்னால் ஓர் அட்டவணையே இருக்கிறது, இரண்டாம் அட்டவணை. கட்டடத்தின் கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளை, கதவு சன்னலுக்குப் பெயின்ட், தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, உள்ளும் வெளியும் மின் வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய்த் திருகு, வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பிளக், தாழ்ப்பாள், கண்ணாடி போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஏதாவது எழுதியிருக்கிறதா என்பதையும் கூடவே பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் 1,850 ரூபாய் எந்தப் பக்கம்? கெட்டுப்போனது டிரிப்பர் என்றால் எங்கள் செலவு. கூரைக்குள் இருக்கும் வயர் நனைந்ததால் லைனையே மாற்றி இழுத்தோம், அது ஓனர் செலவு. அதனால் எலக்ட்ரீஷியனிடம் ரசீது வாங்கும்போது "மின் வேலை" என்று மொட்டையாக எழுத விடாமல், "கூரை ஈரத்தால் பழுதான உள் வயரிங்குக்கு மாற்று லைன்" என்று எழுதி வாங்கினேன்.

ஓனர் செய்ய வேண்டிய பழுதை அவர் செய்ய மறுத்தால், குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் எந்த ஒரு மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. குடியிருக்கவே முடியாத நிலை, எழுத்தில் கேட்டும் சரி செய்யவில்லை என்றால், பதினைந்து நாள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீட்டை விட்டுப் போகலாம், அல்லது வாடகை அதிகாரியிடம் போகலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய்த் துறை அலுவலர் ஒருவர்தான் அந்த வாடகை அதிகாரி. கவனியுங்கள், இந்தக் கடைசி வழி "எழுத்தில்" கேட்டதிலிருந்துதான் ஆரம்பம். மாடிப்படியில் நின்று நாம் சொன்ன அத்தனையும் அங்கே கணக்கில் வராது.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. பழுதுபார்த்த செலவைக் கழிப்பது ஒன்று. பட்ட சிரமத்துக்காக வாடகையைக் குறைப்பது வேறு. முதலாவதற்கு ரசீது இருக்கிறது, சட்டத்தில் வழியும் இருக்கிறது. இரண்டாவதை நாமாக ஒரு தொகை போட்டுக் கழித்துக்கொண்டால் அது பாக்கியாகத்தான் நிற்கும். அதைக் கேட்டு, பேசி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அதனால் கடிதத்தில் இரண்டையும் ஒரே தொகையாகச் சேர்க்கவில்லை.

சரி, எவ்வளவு கேட்பது? "எவ்வளவு கஷ்டப்பட்டோம்" என்று ஆரம்பித்தால் முடிவே கிடையாது. எந்த இடம் பயன்படவில்லை என்று ஆரம்பித்தேன். பின் அறை பதினொன்றுக்குப் பத்து, 110 சதுர அடி. 750-இல் அது ஏறக்குறைய 15 சதவீதம். 14,000-இல் 2,053 வருகிறது. 2,000 என்று வைத்தேன். சமையலறை பயன்படுகிறது, ஆனால் மேடையில் ஒரு பக்கம் மட்டும். அடுப்பை நகர்த்தி, சொட்டுகிற இடத்தில் குண்டா வைத்திருக்கிறோம். அதற்கு 800. இரண்டும் சேர்ந்து 2,800, சரியாக வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு. அக்டோபர் முதல் ஜனவரி வரை நான்கு மாதத்துக்கு 11,200. செப்டம்பரிலும் ஓதம் இருந்தது, ஆனால் கூரை வயரைத் துண்டித்தது அக்டோபரில்தான். அதைச் சேர்க்கவில்லை. நனைந்த மெத்தையையும் பீரோவின் பின்பலகையையும்கூடச் சேர்க்கவில்லை. கணவருக்கு அதில் வருத்தம்தான். ஆனால் மெத்தை எவ்வளவு பழசு என்ற பேச்சு ஒருமுறை ஆரம்பித்துவிட்டால், அறையின் கணக்கும் அதோடு சேர்ந்து பேரத்துக்கு வந்துவிடும்.

கடிதம் இதுதான். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

> மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு, வணக்கம்.
>
> தங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் குடியிருந்து வருகிறோம். ஜனவரி வரை வாடகை முழுவதும் செலுத்தியுள்ளோம். கீழே உள்ள விஷயங்களை நேரிலும் சொல்லியிருக்கிறோம்; இருவருக்கும் நினைவுக்கு இருக்கட்டும் என்று எழுதித் தருகிறோம்.
>
> ஆகஸ்ட் கடைசியில் பின் அறைக் கூரையில் ஓதம் தெரிந்தது. செப்டம்பரில் மேல் பாத்ரூமில் வெள்ளை சிமென்ட் பூசப்பட்டது. அக்டோபரில் ஓதம் சமையலறைக்கும் பரவி, பின் அறையின் கூரை வயரிங் பழுதாகித் துண்டிக்கப்பட்டது. நவம்பரில் மேற்பூச்சு பெயர்ந்து விழுந்தது. அன்று முதல் அந்த அறையைப் பயன்படுத்தவில்லை. தேதியுடன் கூடிய படங்களை இணைத்துள்ளோம்.
>
> தாங்களும் உடனிருந்து பார்த்த நீலத் தண்ணீர் சோதனையில், பாத்ரூம் வடிகுழி கீழ்க்குழாயோடு சேரும் இடத்தில் கசிவு இருப்பது தெரிந்தது. அந்த இணைப்பைத் திறந்து மாற்றி, நீர்த்தடுப்புப் பூச்சு செய்து தர வேண்டுகிறோம். வேலையை பிப்ரவரி 15-க்குள் தொடங்கித் தந்தால் நல்லது. வேலை முடிந்தபின் 30 நாள் கழித்து இருவரும் சேர்ந்து கூரையைப் பார்த்து, ஈரம் காய்ந்திருந்தால் பூச்சும் பெயின்டும் செய்துகொள்ளலாம்.
>
> வேலை நடக்கும் நாட்களில் அம்மாவுக்குச் சிரமம் வரும் என்று அறிகிறோம். கீழே உள்ள எங்கள் பாத்ரூமை அந்த நாட்களில் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். உட்காரும் நாற்காலி வைக்க இடம் இருக்கிறது. படி ஏறி இறங்க முடியாதென்றால், அம்மா எங்கள் முன் அறையிலேயே தங்கலாம்.
>
> மாற்று மின் லைனுக்கு நாங்கள் கொடுத்த 1,850 ரூபாயை (ரசீது இணைப்பு) வாடகையில் கழித்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறோம். இது தவிர, பின் அறைக்கு மாதம் 2,000, சமையலறைக்கு மாதம் 800 வீதம், அக்டோபர் முதல் ஜனவரி வரை 11,200 ரூபாய் வாடகையைக் குறைத்துத் தருமாறும், வேலை முடியும்வரை மாத வாடகையை 11,200 ஆக வைத்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறோம். பழைய தொகையை ஒரே மாதத்தில் கழிக்க வேண்டியதில்லை. தங்கள் வசதிப்படி சில மாதங்களில் சரிசெய்யலாம். தங்கள் சம்மதம் வரும்வரை முழு வாடகையையே அனுப்புவோம்.
>
> ஒரு வாரத்துக்குள் தங்கள் பதிலைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.
>
> இப்படிக்கு, தங்கள் அன்புள்ள...

மாத வாடகை 11,200, நான்கு மாதக் குறைப்பும் 11,200 என்று வந்தது தற்செயல். ஐந்தில் நான்கு பங்கும், நாலு தடவை ஐந்தில் ஒரு பங்கும் ஒன்றுதானே. ஓனர் அதைப் பார்த்து ஒரு நிமிடம் குழம்பினார்; எழுதுகிறவர்கள் கவனம்.

கடிதத்தில் சட்டப் பிரிவு எதையும் நான் போடவில்லை. தெரியாமல் இல்லை. முதல் கடிதத்திலேயே பிரிவு எண்ணைப் போட்டால், எங்கள் ஊரில் அதைக் கடிதமாகப் படிக்க மாட்டார்கள். "வக்கீல் நோட்டீஸ் விட்டுட்டாங்க" என்று தோட்டத்துச் சொந்தம்வரை சேதி போய்விடும். ஆனால் சட்டத்துக்குத் தேவையானது எல்லாம் உள்ளே இருக்கிறது. எழுத்தில் தெரிவித்தது, பழுது என்ன, எப்போது சொன்னது, என்ன செய்யக் கேட்டது, எத்தனை நாள் கொடுத்தது. பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதத்தில் பிரிவைப் போட்டு, இதை இணைப்பாக வைத்தால் போதும். "சம்மதம் வரும்வரை முழு வாடகை" என்ற வரியைப் பார்த்துவிட்டு என் தம்பி கோபப்பட்டான், நாமே நம் பிடியை விட்டுக்கொடுக்கிறோம் என்று. எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. அந்த வரி இருக்கும்வரை எங்களைப் பாக்கிதாரர் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரே வீட்டில் மேல்மாடிக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்பினால் தபால்காரரே சிரிப்பார். இரண்டு பிரதி எடுத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியுடன் கையெழுத்து கேட்டோம். கையெழுத்து என்றதும் முகம் மாறியது. "அட, இதுக்கெதுக்குங்க அம்மிணி கடுதாசி? கூப்புட்டிருந்தா வந்திருக்க மாட்டனா?" என்றார். அதற்கு என் கணவர்தான் பதில் சொன்னார்: "கணக்கு வருதுங்கண்ணா. வாயில சொன்னா நாளைக்கு நீங்க ஒண்ணு சொல்லுவீங்க, நாங்க ஒண்ணு சொல்லுவோம்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போட்டிருக்காவிட்டால் கடிதத்தை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்போம். அவர் பார்த்துவிட்ட குறியாவது இருக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் அப்போது ஸ்பீட் போஸ்ட், சிரித்தாலும் பரவாயில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி அவரும் அக்காவும் இறங்கி வந்தார்கள். கடிதத்தை அக்கா கையில் வைத்திருந்தார். அம்மாவைப் பற்றிய பத்தியைச் சுட்டிக்காட்டி, "கீழ நாற்காலி போட்டா அத்தை வருவாங்களாம், நான் கேட்டுட்டேன்" என்றார். வேலை தொடங்கும் நாள் அங்கேயே முடிவாகிவிட்டது. பணத்தில்தான் கொஞ்ச நேரம் ஆனது. "சமையக்கட்டுல சமைச்சுக்கிட்டுத்தானுங்களே இருந்தீங்க?" என்று ஓனர் கேட்டார். நியாயமான கேள்வி. நடந்துபோன மாதங்களுக்குச் சமையலறையை விட்டுக்கொடுத்தோம். பின் அறைக்கு அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டுபோய் விளக்குப் போடாமல் மொபைல் வெளிச்சத்தில் காட்டினோம், கம்பி துருப்பிடித்துத் தெரிந்தது. நான்கு மாதத்துக்கு 8,000, மின் செலவு 1,850. "9,850 எல்லாம் எதுக்குங்க, பத்தாயிரமா வெச்சுக்குங்க" என்றார். இரண்டு மாத வாடகையில் ஐயாயிரம் ஐயாயிரமாகக் கழிப்பது. வேலை முடியும்வரை மாதம் 2,000 குறைவு. கேட்டது 13,050, கிடைத்தது 10,000. அதே கடிதத்தின் கீழே நாலு வரியில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

வேலை மாசி பிறந்த கையோடு ஆரம்பித்தது. மேல் பாத்ரூமின் தளம் சுற்றியுள்ள தளத்தைவிட ஓரடி தாழ்வாகப் போடப்பட்டிருந்தது. கொத்தனார்கள் சங்கன் என்பார்கள். அந்தக் குழியில் குழாய்களைப் படுக்க வைத்து, மேலே செங்கல் துண்டும் மணலும் கொட்டி நிரப்பி டைல்ஸ் ஒட்டுவது வழக்கம். டைல்ஸைப் பெயர்த்து நிரப்பலை அள்ளினால், அடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மாதக்கணக்காக வடிகுழியில் கசிந்த தண்ணீர் அங்கேயே தேங்கி, கான்கிரீட் வழியாக எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. ராத்திரி வால்வை மூடியும் சொட்டு நிற்காததற்குக் காரணம் அதுதான்.

கடிதத்தில் "30 நாள் கழித்து" என்று போட்டதும் இதற்காகத்தான். விரிசல் விட்ட இணைப்பை மாற்றின அன்றே ஒழுகல் நின்றுவிடாது. கான்கிரீட் குடித்த தண்ணீர் இறங்கி முடிய வாரக்கணக்காகும். அந்த நாட்களில் கீழே இருப்பவர் "இன்னும் சொட்டுது" என்பார், மேலே இருப்பவர் "இவ்வளவு செலவு பண்ணியும் குறை சொல்றாங்க" என்பார். சரியாகச் செய்த வேலையிலும் சண்டை வருவது இந்த இடைவெளியில்தான். அதேபோல ஈரம் காயாமல் பூச்சும் பெயின்டும் அடித்தால் அடுத்த மழைக்கு முன்பே உப்புப் பூத்துக் கொட்டும். அப்போது பழைய ஈரமா புதிய கசிவா என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

குழி காய்ந்ததும் புது வடிகுழி வைத்து, தரையும் சுவரும் சேரும் மூலைகளைக் கலவையால் உருட்டிவிட்டு, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை அடித்தார்கள், சுவரில் ஓரடி உயரம்வரை. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்க்கச் சொல்லி நான் கேட்டேன். கொத்தனாருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு நாள் கூலி போகிறதே. ஓனர் என் பக்கம் நின்றார். கட்டிய தண்ணீரின் உயரத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்தார், கோடு இறங்கவில்லை. அதற்கப்புறம்தான் நிரப்பலும் டைல்ஸும். அத்தனை நாளும் பாட்டி எங்கள் முன் அறையில் இருந்தார். மகளுக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுத்தது தவிர, நான் வைக்கிற ரசத்தில் புளி தூக்கலாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் மேலே போனார்.

வேலை முடிந்த பிறகும் முதல் வாரங்களில் குண்டாவில் தண்ணீர் சேர்ந்துகொண்டுதான் இருந்தது, நாளுக்கு நாள் குறைந்துகொண்டே. எத்தனை டம்ளர் என்று சுவரில் ஒட்டிய காகிதத்தில் எழுதி வந்தேன். ஓனர் இறங்கி வரும்போதெல்லாம் அதைப் பார்ப்பார். பங்குனியில் நின்றது. துருப்பிடித்த கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்பு பூசி, அதன் மேல் பூச்சு போட்டார்கள். கூரை வயரையும் புதிதாக இழுத்து, தற்காலிக லைனை எடுத்துவிட்டார்கள். அந்த மாதத்திலிருந்து முழு வாடகை 14,000.

சித்திரையில் ஒப்பந்தம் புதுப்பிக்க உட்கார்ந்தோம். பழையது பதினொரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதி அலமாரியில் வைத்தது. சட்டம் கேட்கிறபடி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யாதது. இந்தத் தடவை tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்வோம் என்று நான் சொன்னேன், மறுக்கவில்லை. கட்டுமானம், குழாய், வயரிங் பழுதை எழுத்தில் தெரிவித்த 15 நாளுக்குள் ஓனர் வேலையைத் தொடங்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டேன். "எழுதிக்குங்க" என்றார். எழுதி முடித்ததும் பேனாவை வாங்கி, அடுத்த வரியில் அவரும் ஒன்றைச் சேர்த்தார்: வாடகை ஆண்டுக்கு ஐந்து சதவீதம் உயரும்.

"உங்ககிட்ட இருந்து கத்துக்கிட்டதுதானுங்க. எல்லாம் எழுத்துல இருக்கட்டும்" என்றார்.